ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி: குடும்பத்தைப் பதிவு செய்தலும் தகைமையை நிரூபித்தலும்

கனடாவில் வாழும் பிள்ளையிடம் செல்வதற்காகப் பெட்டி கட்டும் பெற்றோரும், கணவனுடன் இணைவதற்காக விசா வரும்வரை காத்திருக்கும் இளம் மனைவியரும் இல்லாத ஊர் வடக்கிலும் கிழக்கிலும் இன்று இல்லை என்றே கூறலாம். "அங்கே வைத்தியம் இலவசம்தானே" என்ற நம்பிக்கை இவர்கள் அனைவரிடமும் பொதுவாகக் காணப்படுகின்றது. இந்நம்பிக்கை பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் விமானம் ஏறுபவர்கள் பலர், வைத்தியசாலைக் கட்டணப் பட்டியல் கைக்கு வரும்போதுதான் அதனை அறிந்துகொள்கின்றனர். எம்மவர்கள் மிகப் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதியில் ஒரு குடும்பம் எவ்வாறு சேர்கின்றது, யாருக்கு அதில் இடமில்லை, தகைமையை எவ்வாறு நிரூபிப்பது என்பவற்றை இங்கு சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

கனடாவின் மருத்துவ சேவையை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே திட்டமாக எண்ணுவது பிழையாகும். 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் பொது நிபந்தனைகளை மாத்திரமே விதிக்கின்றது. காப்புறுதியை நடத்துவது ஒவ்வொரு மாகாணமும்தான். ஒன்ராறியோவில் நடப்பது ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதித் திட்டம். அங்குள்ள எம்மவர்கள் அதனை 'ஓஹிப்' என்றே அழைக்கின்றனர். இதில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. 2004ஆம் ஆண்டு முதல் வருமான வரியுடன் சேர்த்துச் சுகாதாரத் தவணைப் பணம் ஒன்று அறவிடப்பட்டு வருகின்ற போதிலும், ஒருவர் அதனைச் செலுத்தினாரா இல்லையா என்பதற்கும் அவரது காப்புறுதிக்கும் தொடர்பில்லை. எனவே, "நான் இருபது வருடமாக வரி கட்டுகிறேன், என் அம்மாவுக்கு ஏன் வைத்தியம் இல்லை?" என்று மகன் எழுப்பும் கேள்வி மனித நியாயத்தின்படி சரியானதாக இருக்கலாம்; அத்திட்டத்தின் சட்டத்தின்படி அதற்கு இடமில்லை.

இவ்விடத்தில்தான் முதலாவது பெரும் குழப்பம் எழுகின்றது. எமது நாட்டில் அரச ஊழியர் ஒருவர் காப்புறுதியில் சேரும்போது தமது வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் தங்கியிருப்போராகப் படிவத்தில் எழுதுகின்றார். அவ்வாறு எழுதப்பட்டவர்கள் அவரது பாதுகாப்பின் நிழலில் வருகின்றனர். ஓஹிப் திட்டத்தில் இத்தகைய குடும்பப் பத்திரம் கிடையாது. கணவனுக்கு ஓர் அட்டை, மனைவிக்கு ஓர் அட்டை, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தனி அட்டை என்பதே அங்குள்ள நடைமுறை. ஒவ்வொருவருக்கும் 10 இலக்கங்களைக் கொண்ட ஒரு சுகாதார எண்ணும் அதன் பின்னால் இரண்டு எழுத்துகளும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தமது சொந்தக் குடிவரவு நிலையின் அடிப்படையிலேயே தகைமை பெறுகின்றனர். கணவன் கனேடியப் பிரஜையாக இருக்கலாம். மனைவி வருகைதரு விசாவில் நின்றால் அவர் வருகையாளரே. கணவனின் அட்டை மனைவியின் பிரசவத்துக்கு உதவாது.

இவ்விதிக்கு முக்கியமானதொரு விலக்கு உண்டு. தொழில் அனுமதிப் பத்திரத்தில் சென்று, ஒன்ராறியோவிலுள்ள தொழில்தருநர் ஒருவரிடம் முழுநேரமாகக் குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பணியாற்றுபவர் தகைமை பெறும்போது, அவரது வாழ்க்கைத் துணையும் 22 வயதுக்குட்பட்ட தங்கியிருக்கும் பிள்ளைகளும் அவரைச் சார்ந்து தகைமை பெறுகின்றனர். உடல் அல்லது உள ரீதியான இயலாமையினால் தங்கியிருக்கும் பிள்ளைக்கு இவ்வயதெல்லை பொருந்தாது. 'தங்கியிருப்போரைச் சேர்த்தல்' என்ற சொல் அத்திட்டத்தில் உண்மையாகவே பொருள்படும் இடம் இதுதான். இங்கு உறவை நிரூபிக்க வேண்டியிருப்பதால் திருமணச் சான்றிதழ் முக்கியமாகின்றது. எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இதனை விசேடமாகக் கூற வேண்டியுள்ளது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தினால் ஒரு நிக்காஹ் செல்லுபடியற்றதாகி விடுவதில்லை. எனினும் கடல் கடந்த நாட்டின் கருமபீடத்தில் மார்க்கமும் ஊரும் ஏற்ற திருமணம் போதாது, காகிதம் கேட்கப்படும். விவாகப் பதிவாளரிடம் உரிய காலத்தில் பதிந்து சான்றிதழைப் பெற்று, தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிரதிக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இங்கிருந்தே எடுத்துச் செல்வது பின்னர் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

யாருக்குத் தகைமை உண்டு என்பதைச் சுருக்கமாகக் கூறுவதாயின், கனேடியப் பிரஜைகள், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர், அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டோர், மேலே கூறிய தொழில் அனுமதியாளர்கள் ஆகியோரே பிரதான பிரிவினர். இவர்களைத் தவிர, கனடாவுக்குள் இருந்தவாறே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து, விண்ணப்பிக்கும் தகுதி அவருக்கு உண்டு என்று மத்திய குடிவரவுத் திணைக்களம் உறுதிப்படுத்திய ஒருவரும், அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்படாதவரை, தகைமை பெறுகின்றார். விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்ததற்கான பற்றுச்சீட்டு இதற்குப் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். திணைக்களத்தின் உறுதிப்படுத்தும் கடிதமே ஆவணமாகும். அங்கு சென்ற பின்னர் துணைவரால் பொறுப்பேற்கப்படும் மனைவியரோ கணவர்களோ இந்த ஒரு கடிதத்துக்காகவே பல மாதங்கள் காத்திருக்க நேரிடுகின்றது.

வருகையாளர்களும் வெளிநாட்டு மாணவர்களும் பொதுவாக இத்திட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். அகதிக் கோரிக்கையை முன்வைத்து முடிவுக்காகக் காத்திருப்பவர்களும் அவ்வாறே. ஆனால் கோரிக்கையாளர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. கோரிக்கை ஏற்கப்பட்டதும் குடிவரவு, அகதிகள் சபையின் தீர்மான அறிவித்தலைக் கொண்டு ஓஹிப்பில் பதிந்துகொள்ளலாம். நிரந்தர வதிவிட அட்டை வரும் என்று அதன் பிறகும் காத்திருப்பது வீண். பலர் அவ்வாறு காத்திருக்கின்றனர்.

இனி, ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு நடைமுறையைப் பார்ப்போம். கணவர் ஸ்காபரோவில் வசிக்கும் கனேடியப் பிரஜை. அவரால் பொறுப்பேற்கப்பட்ட மனைவியும் ஆறு வயது மகளும் மட்டக்களப்பிலிருந்து நிரந்தர வதிவிடத்தாராக மார்ச் 1ஆம் திகதி ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்குகின்றனர். குடியிருப்பது கணவரின் அண்ணன் வீட்டு நிலக்கீழ்த் தளத்தில். இது எமது சமூகத்தில் மிகச் சாதாரணமான ஏற்பாடு என்பதை நாம் அறிவோம்.

முன்னர் இவர்கள் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒன்ராறியோவில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்த அக்காத்திருப்புக் காலம் கொவிட் பெருந்தொற்றை அடுத்து 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. ஆகவே, தகைமையுடையவர் வந்தவுடனேயே பதியலாம். ஏனைய மாகாணங்களிலும் இவ்வாறே என்று எண்ணிவிடக் கூடாது. உதாரணமாக, பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து சேர்ந்த மாதத்தின் எஞ்சிய நாட்களும் அதனையடுத்த இரண்டு மாதங்களும் காத்திருப்புக் காலமாகும். வன்கூவரில் குடியேறுபவர் அக்காலத்துக்குத் தனியார் காப்புறுதி வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பதிவு நடைபெறும் இடம் மாகாண அரசின் 'சேர்விஸ் ஒன்ராறியோ' நிலையமாகும். வளர்ந்தவர்கள் நேரில் செல்ல வேண்டும். 0265-82 என்ற இலக்கமுடைய பதிவுப் படிவத்தை நிரப்பி, மூன்று வெவ்வேறு மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். முதலாவது, பிரஜாவுரிமையையோ தகைமையுள்ள குடிவரவு நிலையையோ காட்டுவது. இரண்டாவது, ஒன்ராறியோவில் வசிப்பதைப் பெயருடனும் விலாசத்துடனும் காட்டுவது. மூன்றாவது, பெயரையும் கையொப்பத்தையும் கொண்ட அடையாள ஆவணம். ஒரே ஆவணத்தை இரண்டு தேவைகளுக்குக் காட்ட முடியாது. நிழற்பிரதிகள் ஏற்கப்படுவதில்லை.

எமது உதாரணத்தில் வரும் மனைவிக்கு முதலாவது ஆவணம் நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம். அட்டை தபாலில் வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. மூன்றாவதற்கு இலங்கைக் கடவுச்சீட்டு போதும். சிக்கல் இரண்டாவதில்தான். வீடு அண்ணனின் பெயரில். மின்கட்டணப் பட்டியலும் அண்ணனின் பெயரில். வாடகை ஒப்பந்தம் எழுதப்படவேயில்லை. சகோதரர்களுக்கிடையில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று விடப்பட்டிருக்கும். வங்கிக் கணக்கு கணவரின் பெயரில் மட்டும் இருக்கும். இவ்வாறு, அந்த நாட்டில் சட்டப்படி வாழும் உரிமை முழுமையாகப் பெற்ற ஒரு பெண், அங்கு வாழ்கின்றார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவராகக் கருமபீடத்தில் நிற்கின்றார். ஓஹிப் விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படும் காரணங்களுள் எம்மவர்களைப் பெரிதும் பாதிப்பது இதுவே என்பது எமது கருத்து.

இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. வந்த முதல் வாரத்திலேயே மனைவியின் பெயரில் தனிக்கணக்கோ கூட்டுக்கணக்கோ திறந்து, கணக்குக் கூற்று மாதந்தோறும் தபாலில் வீட்டு விலாசத்துக்கு வருமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு தபாலில் வரும் மாதாந்தக் கூற்று ஏற்கப்படுகின்றது. வங்கிப் புத்தகமோ, பணம் வைப்பிலிட்ட பற்றுச்சீட்டோ ஏற்கப்படுவதில்லை. அல்லது அண்ணனுடன் முறையான வாடகை ஒப்பந்தம் ஒன்றை, கணவன், மனைவி இருவரின் பெயர்களையும் இட்டு எழுதிக்கொள்ளலாம். வேலை கிடைத்துவிட்டால் விலாசத்துடன் கூடிய சம்பளச் சிட்டையும் உதவும்.

பெயர்ப் பிரச்சினையையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். எமது கடவுச்சீட்டுகளில் தகப்பனின் பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும் மற்றோரிடத்தில் முதலெழுத்தாகவும் நிற்கின்றது. முஸ்லிம் பெயர்களில் முஹம்மது, மொகமட் என்றும், பாத்திமா, பாதிமா என்றும் ஆங்கில எழுத்துகள் ஆவணத்துக்கு ஆவணம் மாறுகின்றன. வங்கியில் கணக்குத் திறக்கும்போது அங்குள்ள உத்தியோகத்தர் வசதிக்காகப் பெயரைச் சுருக்கி எழுதினால், அந்தக் கூற்று பின்னர் குடிவரவுப் பத்திரத்துடன் பொருந்தாது. குடிவரவுப் பத்திரத்தில் உள்ளவாறே, ஒரு எழுத்தும் மாறாமல், வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் பெயரைப் பதியச் செய்வதே பாதுகாப்பான வழி. குடிவரவுப் பத்திரத்திலேயே பிழை இருப்பின் அதனை முதலில் திருத்த வேண்டும். பிழையான பெயரில் அட்டை பெற்றால் அடுத்து வரும் ஒவ்வொரு ஆவணமும் அதன் வழியிலேயே செல்லும்.

மகளின் பதிவு ஒப்பீட்டளவில் எளிது. அவளுடைய குடிவரவுப் பத்திரம் அவளுடைய பெயரிலேயே இருக்கும். பெற்றோரில் ஒருவர் படிவத்தில் ஒப்பமிடலாம். பதினைந்தரை வயதுக்குட்பட்ட பிள்ளையின் அட்டையில் புகைப்படமோ கையொப்பமோ இடம்பெறுவதில்லை. அட்டைகள் சில வாரங்களில் தபாலில் வந்து சேரும். விலாசம் மாறினால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நிலக்கீழ்த் தளத்திலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் இதனை மறந்துவிடுவதால், புதுப்பித்தல் அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போய்விடுகின்றது.

அட்டை கிடைத்ததுடன் விடயம் முடிந்துவிடுவதில்லை. ஒன்ராறியோவைத் தமது பிரதான வதிவிடமாகக் கொண்டிருப்பதுடன், எந்தவொரு 12 மாத காலத்திலும் 153 நாட்கள் அங்கு உடல்ரீதியாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. புதிதாகக் குடியேறியவருக்கு இதற்கு மேலதிகமாக ஒரு விதி உண்டு. குடியேறிய நாளிலிருந்து வரும் முதல் 183 நாட்களில் 153 நாட்கள் அங்கு இருந்திருக்க வேண்டும். அதாவது, முதல் ஆறு மாதங்களில் வெளியே செலவிடக்கூடிய நாட்கள் வெறும் 30 மாத்திரமே.

எமது உதாரணக் குடும்பத்தில் இவ்விதி எவ்வாறு குறுக்கிடுகின்றது என்று பார்ப்போம். மார்ச் 1ஆம் திகதியை முதல் நாளாகக் கொண்டால் 183ஆவது நாள் ஓகஸ்ட் 30. ஜூன் மாதத்தில் தங்கையின் திருமணத்துக்காக மனைவியும் மகளும் மட்டக்களப்புக்கு வந்து ஆறு வாரங்கள், அதாவது 42 நாட்கள், தங்கிச் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 183இல் 42ஐக் கழித்தால் எஞ்சுவது 141. தேவைப்படுவதிலும் 12 நாட்கள் குறைவு. எவரும் பொய் கூறவில்லை. எவரும் சட்டத்தை மீற எண்ணவில்லை. ஆனால் கடவுச்சீட்டிலுள்ள முத்திரைகளின்படி அவர்கள் நிபந்தனையை நிறைவேற்றாதவர்கள். தங்கையின் திருமணம் நான்கு வாரங்களுக்குள் முடிந்திருந்தாலோ, செப்டெம்பருக்குத் தள்ளிப் போடப்பட்டிருந்தாலோ இக்கேள்வி எழாது. முகூர்த்த நாளை அங்குள்ள விதியைப் பார்த்து நிச்சயிக்க முடியாது என்பது உண்மையே. பயணச்சீட்டின் திகதிகளையாவது நிச்சயிக்கலாம் அல்லவா?

அடுத்த வருடம் இத்தம்பதியினருக்கு ரொறன்ரோவில் ஆண் குழந்தை பிறக்கின்றது. பிரசவத்தின்போது வைத்தியசாலையோ மருத்துவமாதோ குழந்தைக்கான ஓஹிப் பதிவுப் படிவத்தை வழங்குவர். அதில் சுகாதார எண் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். படிவத்தை அங்கேயே நிரப்பிக் கொடுத்து, எண்ணைக் கொண்ட கீழ்த்துண்டைக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை வரும்வரை குழந்தையை வைத்தியரிடம் காட்டுவதற்கு அத்துண்டே போதுமானது. இங்கு நிகழும் வழமையான தவறு என்னவெனில், பின்னர் இணையத்தில் செய்யும் பிறப்புப் பதிவு இதனையும் உள்ளடக்கும் என்று எண்ணிப் படிவத்தை விட்டுவிடுவதாகும். அந்த ஒருங்கிணைந்த பதிவின் மூலம் பிறப்புச் சான்றிதழும் சமூகக் காப்புறுதி எண்ணும் குழந்தைக் கொடுப்பனவும் கோரலாம். சுகாதார அட்டை அதில் அடங்குவதில்லை. மருத்துவமாதின் உதவியின்றி வீட்டில் பிரசவித்தவர்களும், படிவம் பெறாமல் வீடு திரும்பியவர்களும் குழந்தையைச் சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

இதே பிரசவத்தைச் சற்று மாற்றி, மனைவி வருகைதரு விசாவில் வந்தவர் என்று வைத்துக்கொண்டால் நிலைமை முற்றிலும் வேறாகின்றது. குழந்தை அம்மண்ணில் பிறந்ததால் கனேடியப் பிரஜை. பெற்றோருடன் அங்கேயே வாழுமாயின் தன் சொந்த உரிமையில் தகைமை பெறும். தாயின் பிரசவச் செலவோ முழுமையாகக் குடும்பத்தின் தலையில் விழும். காப்புறுதி அற்றவரிடம் வைத்தியசாலைகள் நாளொன்றுக்குப் பல ஆயிரம் டொலர் அறவிடுகின்றன. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கணக்கு வேறு. இத்தகைய நிலையிலுள்ள பெண்கள் இரண்டு வாசல்களை அறிந்திருப்பது நல்லது. ஒன்ராறியோவில் வசிக்கும் பெண்களுக்கு ஓஹிப் அட்டை இல்லாவிடினும் மருத்துவமாதுக்களின் சேவை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. சமூக சுகாதார நிலையங்களும் காப்புறுதியற்றோரை ஏற்கின்றன. வைத்தியசாலைக் கட்டணத்தை இவை முழுமையாக இல்லாமற் செய்வதில்லை; ஆனால் கர்ப்பகாலக் கண்காணிப்பையேனும் இழக்காமல் இருக்கலாம்.

"எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அட்டை இல்லாமலே வைத்தியசாலையில் வைத்தியம் பார்த்தார்" என்று கூறுவோரும் உளர். அவர்கள் கூறுவது பொய்யன்று. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் முதல், காப்புறுதி அற்றவர்களின் வைத்தியசாலைச் செலவை மாகாண அரசே ஏற்றது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31ஆம் திகதியுடன் முடிவுற்றது. அக்காலத்து அனுபவத்தை நம்பி இன்று எவரும் பெற்றோரை அழைக்கக் கூடாது.

பெற்றோரின் விடயமே மிகவும் வேதனையானது. எமது உதாரணக் குடும்பம், குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவியின் 68 வயதுத் தாயாரை அழைக்கின்றது. அவருக்கு முன்னால் இரண்டு பாதைகள் உள்ளன. பெற்றோர், பாட்டன், பாட்டிமாரைப் பொறுப்பேற்கும் திட்டத்தின் கீழ் நிரந்தர வதிவிடத்தாராக வந்தால், அவர் இறங்கிய நாளிலிருந்து ஓஹிப்புக்குத் தகைமை பெறுகின்றார். அத்துடன் 65 வயதைக் கடந்தவர் என்பதால் மாகாணத்தின் மருந்து உதவித் திட்டமும் கிடைக்கும். ஆனால் இப்பாதை மிகவும் ஒடுங்கியது. 2020ஆம் ஆண்டில் விருப்பத்தைப் பதிந்தவர்களிலிருந்தே 2025ஆம் ஆண்டு வரை அழைப்புகள் அனுப்பப்பட்டன. அதன் பின்னர் விருப்பம் கொண்டவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பொறுப்பேற்கும் பிள்ளை 20 வருடங்களுக்குப் பெற்றோரின் செலவை ஏற்பதாக உறுதியளிக்கவும் வேண்டும்.

எனவே பெரும்பாலானோர் தெரிவு செய்வது சுப்பர் விசா. 2011 டிசம்பரில் அறிமுகமான இவ்விசாவில் ஒருவர் 2022 ஜூலை முதல் ஒரு வருகையில் ஐந்து வருடங்கள் வரை தங்கலாம். ஐந்து வருடங்கள் தங்கினாலும் அவர் வருகையாளரே, ஓஹிப் இல்லை. அதற்குப் பதிலாகத்தான், குறைந்தது 100,000 டொலர் பெறுமதியுள்ள, நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் தனியார் மருத்துவக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. விசா பெறுவதற்கான காகிதமாக மட்டும் இதனைக் கருதி, மலிவானதைத் தேடி வாங்குவதே எம்மவர்களின் வழக்கமாக இருக்கின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத 68 வயதுத் தாயார் எமது நாட்டில் அபூர்வம். ஏற்கெனவே உள்ள நோய்களை இக்காப்புறுதிகள் பல முற்றாக விலக்குகின்றன. அல்லது அந்நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமின்றி இருந்திருந்தால் மட்டுமே ஏற்கின்றன. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வைத்தியர் மாத்திரையின் அளவை மாற்றி எழுதியிருந்தால், அதுவே 'மாற்றம்' எனக் கொள்ளப்பட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஆகவே காப்புறுதியை வாங்கும் முன், தாயாரின் நோய்களையும் மருந்துகளையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்து, எந்த நோய்க்கு எத்தகைய நிபந்தனை என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஒரு வருடம் முடிந்ததும் அதனைப் புதுப்பிக்கவும் வேண்டும். இரண்டாம் வருடத்தில் காப்புறுதி இல்லாமல் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமார் பலர் உள்ளனர். அவர்களுக்கு ஒரு மாரடைப்பு வந்தால் மகனின் வீட்டுக் கடனுக்கு நிகரான இன்னொரு கடன் உருவாகும்.

தகைமை உண்டு என்று நம்பும் ஒருவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அத்துடன் விட்டுவிடத் தேவையில்லை. முதலில் நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஆவணக் குறைபாடு மாத்திரம் எனில் சரியான ஆவணத்துடன் மீண்டும் செல்வதே விரைவான வழி. தகைமையே மறுக்கப்பட்டிருப்பின் திட்டத்தின் தகைமை மீளாய்வுக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அதன் பின்னரும் சுகாதார சேவைகள் மேன்முறையீட்டு, மீளாய்வுச் சபை என்ற சுயாதீன அமைப்பிடம் முறையிட வழியுண்டு. அங்கு கேட்கப்படுவது அனுதாபக் கதை அல்ல. எந்த நாட்களில் எங்கே இருந்தார், எந்தத் திகதியில் எந்தக் குடிவரவு நிலையில் இருந்தார் என்பதே. விமானப் பயணச்சீட்டுகள், கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்கள், பாடசாலை வரவு, சம்பளச் சிட்டைகள் ஆகியவற்றை வந்த நாளிலிருந்து ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்துக்கே அங்கு வார்த்தை இருக்கும்.

அட்டை பெற்றவர்களும் அதன் எல்லையை அறிந்திருக்க வேண்டும். வைத்தியரைக் காண்பதற்கும் வைத்தியசாலையில் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. வெளியே வாங்கும் மருந்துக்கும் வளர்ந்தவரின் பற்சிகிச்சைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஓஹிப் பணம் தருவதில்லை. அம்புலன்ஸில் சென்றால் அட்டை உள்ளவரும் பொதுவாக 45 டொலர் செலுத்த வேண்டும். 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள், தனியார் மருந்துக் காப்புறுதி இல்லாதவிடத்து, பட்டியலிலுள்ள மருந்துகளை மாகாணத் திட்டத்தின் மூலம் இலவசமாகப் பெறலாம். எமது உதாரணத்தில் வரும் மகளுக்கு இது கிடைக்கும். அவளுடைய தாய்க்குக் கிடைக்காது. தாய் நாளாந்தம் மருந்து உட்கொள்பவராயின், கணவரின் தொழிலிடக் காப்புறுதியில் அவரது பெயரைச் சேர்க்குமாறு தொழில்தருநரிடம் கேட்க வேண்டும். அத்தகைய திட்டங்கள் பலவற்றில், துணைவர் வந்து சேர்ந்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் கேட்டால் மருத்துவ வினாக்களின்றிச் சேர்ப்பர். தவணை கடந்தால் வினாக்கொத்து வரும். மனைவி இறங்கிய வாரத்திலேயே கணவர் செய்ய வேண்டிய வேலைகளில் வங்கிக் கணக்குக்கு அடுத்ததாக இதனையும் எழுதிக்கொள்வது நல்லது.